சனிக்கிழமை இரவு கைக்கு வராத அவசரப் பணம்

முகில்_கோவை:
அவசரத்துக்கென நான்கு லட்சம் ரூபாய் சேர்த்திருக்கிறேன். 20,000 சேமிப்புக் கணக்கில், மீதி 3,80,000 குறுகிய காலப் பத்திரங்களில் முதலீடு செய்யும் ஒரே லிக்விட் ஃபண்டில். போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு அப்பாவை மருத்துவமனையில் சேர்த்தோம். முன்பணம் ஒன்றரை லட்சம் கேட்டார்கள். பணம் கட்டும் ஜன்னலருகே நின்றபடியே செயலியில் உடனடியாகப் பணம் எடுக்கும் வசதியை அழுத்தினேன். 50,000 இரண்டு நிமிடத்தில் வந்தது. மீதிக்கு வழக்கமான முறையில் விண்ணப்பித்தேன். திங்கள் விடுமுறை. பணம் வந்ததோ புதன்கிழமை! மச்சான் கொடுத்துதான் சமாளித்தோம். அப்பா இப்போது நலம். சேமிப்புக் கணக்கில் கூடுதலாக உள்ள பணம் தானாகவே நிரந்தர வைப்பாகி, தேவைப்படும்போது தானாக உடையும் ஸ்வீப் வசதிக்கு மொத்தமாக மாறிவிடலாமா?

வட்டிக்காரர்:
யோசிக்கவே வேண்டாம், ஸ்வீப்தான். நினைத்த நேரத்தில் எடுக்கலாம், நிரந்தர வைப்பின் முழு வட்டியும் கிடைக்கும். வங்கியில் இருப்பதால் பயமும் இல்லை.

பழைய_கேஷியர்:
பாதிதான் சரி. முதலில் முகிலின் புதன்கிழமைக் கணக்கு. லிக்விட் ஃபண்டில் வேலை நாளன்று பிற்பகல் மூன்று மணிக்குள் விண்ணப்பித்தால் பொதுவாக அடுத்த வேலை நாளில் பணம் வந்துவிடும். சனி இரவு கொடுத்த விண்ணப்பம் செவ்வாயன்று கொடுத்ததாகவே கொள்ளப்படும். எனவே புதன். வெள்ளி மாலை நான்கு மணிக்குக் கொடுத்திருந்தாலும் இதே கதைதான். உடனடி வசதிக்கு ஒரு ஃபண்டுக்கு ஒரு நாளைக்கு 50,000 அல்லது முதலீட்டு மதிப்பில் 90 சதவீதம், இரண்டில் எது குறைவோ அதுதான் உச்சவரம்பு. நாள் கணக்கு என்பதால் ஞாயிறன்று இன்னொரு 50,000 எடுத்திருக்கலாம். எல்லா லிக்விட் ஃபண்டிலும் இந்த வசதி கிடையாது.

இனி ஸ்வீப். வைப்பு போட்டு 40 நாளில் உடைத்தால் 40 நாளுக்கு உரிய வட்டிதான், ஓராண்டு வட்டி கிடையாது. சில வங்கிகள் அதிலும் அபராதம் பிடிக்கும். ஏழு நாளுக்குள் உடைத்தால் வட்டியே இராது. நல்ல விஷயம், தேவையான அளவு மட்டும் உடையும், மீதி பழைய வட்டியில் ஓடும். பல வங்கிகளில் கடைசியாகப் போட்டதுதான் முதலில் உடையும். பழைய வைப்புகள் தப்பிக்கும்.

வட்டிக்காரர்:
வட்டி விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாதுகாப்பில் என்ன குறை?

பழைய_கேஷியர்:
டெபாசிட் காப்பீடு ஒருவருக்கு ஒரு வங்கியில் ஐந்து லட்சம் வரைதான். சேமிப்பும் ஸ்வீப்பும் வட்டியும் சேர்த்துத்தான் அந்த ஐந்து. முகிலின் நான்கு லட்சம் அதற்குள் அடங்கும். காப்பீடு இருந்தாலும் பணம் அன்றே கைக்கு வராது. 2020 மார்ச்சில் ஒரு தனியார் வங்கியில் 50,000க்கு மேல் எடுக்கத் தடை வந்தது. சுமார் இரண்டு வாரம் நீடித்தது. லிக்விட் ஃபண்டுக்கோ காப்பீடே இல்லை. 91 நாளுக்குள் முதிரும் பத்திரங்களில்தான் முதலீடு என்பதால் அலை சிறியது. ஆனால் வைத்திருந்த பத்திரத்தை வெளியிட்ட நிறுவனம் பணம் தராமல் போனபோது ஒரே நாளில் மதிப்பு இறங்கிய ஃபண்டுகளும் உண்டு. அதிக வருமானம் காட்டுவதைத் தேடாமல், அரசு கருவூலப் பத்திரம் அதிகம் உள்ளதைப் பாருங்கள்.

மலர்விழி_அம்மா:
கேள்விக்குப் பொருந்துமா தெரியவில்லை. எங்கள் வீட்டில் நோயாளியே கணக்கின் உரிமையாளர். என் கணவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் மயக்கத்தில் இருந்தார். பணம் அவர் பெயரில், கடவுச்சொல் அவர் நினைவில். நான் நாமினிதானே என்றேன். அவர் உயிரோடு இருக்கும்வரை அதனால் பயனில்லை என்றார்கள். வளையலை அடகு வைத்தேன். இப்போது எங்களில் எவர் வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய கூட்டுக் கணக்கு.

பழைய_கேஷியர்:
பொருந்தும் அம்மா, மற்ற எல்லாவற்றையும்விட. ஸ்வீப் தொகையும் கூட்டுக் கணக்கில் இருப்பதை உறுதிசெய்யுங்கள்.

முகில்_கோவை:
மனைவியோடு கூட்டுக் கணக்கு திறந்தேன். 50,000 சாதாரண சேமிப்பு, 2,00,000 ஸ்வீப். மீதி லிக்விட் ஃபண்டிலேயே. ஞாயிறன்று சோதிக்க, சேமிப்பில் கண்ணுக்குத் தெரியும் இருப்பைவிடப் பத்தாயிரம் அதிகமாக டெபிட் கார்டில் கட்டினேன், வைப்பு உடைந்து பணம் போனது. யுபிஐயில் அதே தொகை "போதிய இருப்பு இல்லை" என்று திரும்பிவிட்டது. கிளையில் கேட்டால் "போகணுமே சார்" என்கிறார்கள். வேறு யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

வட்டிக்காரர்:
என் கணக்கில் யுபிஐ போகிறது. கார்டில் நான் சோதித்ததே இல்லை. இந்த ஞாயிறு பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.