கிரெடிட் வவுச்சர் விதிகளைத் தெளிவாக எழுத உதவுங்கள்

வணக்கம். வேலூரில் செருப்புக் கடை வைத்திருக்கிறோம். பொருளைத் திருப்பித் தருபவர்களுக்குக் கொடுக்கும் வவுச்சரில் ‘ஆறு மாதம் செல்லும், ஒருமுறை மட்டும், பணம் தரப்படாது’ என்று அச்சிட்டிருக்கிறது. ஆயிரம் ரூபாய் வவுச்சரில் 700 ரூபாய்க்கு வாங்கினால் மீதி 300 போய்விடுமா என்று தினமும் சண்டை. கேட்பதும் நியாயம்தானே!

இப்படி மாற்றியிருக்கிறேன்: “கடைசி நாள் 31.12.2026. மீதித் தொகைக்கு அதே கடைசி நாளோடு புது வவுச்சர் தருவோம். ரொக்கமாக மாற்ற முடியாது.” பழுதான பொருளுக்குப் பணம் தர மறுப்பதை 2019 நுகர்வோர் சட்டம் ஏற்காது என்பதால், அதற்குப் பணம் தருவோம் என்று தனி வரியாகச் சேர்க்கிறேன்.

ஒன்றுதான் இடிக்கிறது. 1,500 ரூபாய் ஷூவுக்கு ஆயிரம் வவுச்சர், 500 ரொக்கம் கொடுத்தவர் அதைத் திருப்பினால், 500 ரொக்கம், ஆயிரம் வவுச்சர் தரலாம், சரி. அதற்குள் பழைய தேதி முடிந்திருந்தால்? சில்லறைக் கடை அண்ணன்மார், அக்காமார் எப்படி எழுதுகிறீர்கள்?