அட்வான்ஸ் வாங்க கியூஆர் ஸ்கேன் செய்யச் சொல்கிறார், பின் நம்பர் கேட்காமலே 5 ரூபாய் போனது எப்படி?

மீனாள், காரைக்குடி
வீட்டிலிருந்தே கண்டாங்கிச் சேலை விற்கிறேன். நேற்று ஒருவர் வாட்ஸப்பில் வந்து 10 சேலை வேண்டும் என்றார். படத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை, விலையும் பேசவில்லை, அட்வான்ஸ் 9,000 உடனே தருகிறேன் என்றார். என் நம்பருக்கே போடுங்கள் என்றதற்கு, கம்பெனிக் கணக்கிலிருந்து அப்படி வராதாம், அவர் அனுப்பும் கியூஆரை நான் ஸ்கேன் செய்தால்தான் ஏறுமாம். நம்பிக்கைக்கு முதலில் 5 ரூபாய்க்கு ஒன்று அனுப்பினார். ஸ்கேன் செய்தேன், பின் நம்பர் கேட்கவே இல்லை, 5 ரூபாய் போய்விட்டது. அடுத்த நிமிடம் 10 ரூபாய் வந்தது! இப்போது 9,000க்குப் படம் வந்திருக்கிறது, இன்னும் தொடவில்லை. ஸ்கேன் செய்தாலே எடுத்துவிடுவார்களா?

கண்ணன், புதுவயல்
ஆமாங்க, இது ஏமாற்றுத்தான். ஸ்கேன் செய்தாலே போச்சு, போனே அவன் கைக்குப் போய்விடும். ஆப்பையெல்லாம் அழித்துவிட்டு சிம்மை மாற்றுங்கள்.

வயிரவன் (வங்கியில் இருந்து ஓய்வு)
ஏமாற்று என்பது சரி தம்பி, மற்றதெல்லாம் வீண் பயம். ஆச்சி, கியூஆர் என்பது கட்டமாகப் போட்ட எழுத்து, அவ்வளவுதான். ஸ்கேன் செய்யும்போது போன் அதைப் படிக்கிறது. நீங்கள் Pay அழுத்தும்வரை ஒரு பைசா நகராது. ஸ்கேன் செய்த பிறகு ஏதாவது பட்டன் அழுத்தினீர்களா? உங்கள் ஆப்பில் யூபிஐ லைட் போட்டிருக்கிறீர்களா?

மீனாள், காரைக்குடி
Pay அழுத்தினேன் ஐயா, பணம் வாங்க அதை அழுத்த வேண்டும் என்றார். லைட், போன மாதம் மகன் போட்டுக் கொடுத்தான், காய்கறிக்கடைக்கு வசதி என்று.

வயிரவன்
அதுதான் விஷயம். லைட்டில் ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் வரை பின் இல்லாமலே போகும். 9,000 லைட்டில் போகாது, அதற்கு பின் நம்பர் கேட்கும், நீங்கள் போட்டால் போயே போச்சு. அந்த 10 ரூபாய் தூண்டிலில் மாட்டிய புழு. பணம் வாங்க பின் நம்பரும் வேண்டாம், ஸ்கேனும் வேண்டாம்.

அந்தப் படத்தைப் பணம் அனுப்பும் ஆப்பில் திறக்காமல், கேலரியில் கூகுள் லென்ஸ் வைத்துப் பாருங்கள். எழுத்தாகக் காட்டும். வருகிற இணைப்பைத் தட்டாமல் நகல் எடுத்து நோட்டில் ஒட்டுங்கள். இப்படி இருக்கும்:

```
upi://pay?pa=xxxx@yyyy&pn=ADVANCE&am=9000&cu=INR
```

pay என்றாலே நீங்கள் கொடுப்பவர். pa தான் பணம் போய்ச் சேரும் முகவரி, am தொகை. pn பெயருக்கான இடம், படம் செய்தவன் எதை வேண்டுமானாலும் எழுதலாம், அதை நம்பாதீர்கள். pay இருக்கும் இடத்தில் mandate இருந்தால் இன்னும் மோசம், பிறகு தானாகவே எடுக்க அனுமதி கேட்கிறான் என்று அர்த்தம். http என்று தொடங்கினால் பணமே இல்லை, ஏதோ ஒரு வலைப்பக்கம். தம்பி பயப்படுகிற ஆபத்து அங்கேதான், அந்தப் பக்கம் இறக்கச் சொல்லும் ஆப்பை நாமே நிறுவினால்.

கண்ணன், புதுவயல்
அப்போ முன்பு ஆப்பிலேயே 'பணம் கேட்கிறார்' என்று வருமே, அது?

வயிரவன்
தனி ஆட்கள் ஒருவரிடம் ஒருவர் அப்படிக் கேட்பதை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டார்கள். கடைகள், நிறுவனங்கள் கேட்பது இன்னும் உண்டு. அந்த வழி அடைபட்டதால்தான் இப்படிப் படமாக அனுப்புகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

சொக்கன், தேவகோட்டை
ஐயா, என் பலகாரக் கடை கியூஆரை ஒருவன் போட்டோ எடுத்துக்கொண்டு போனான். என் கணக்கில் கை வைப்பானா?

வயிரவன்
அதை வைத்துப் பணம் போடத்தான் முடியும். அதன் மேலே அவன் வேறு ஸ்டிக்கர் ஒட்டினானா என்று தினமும் ஒரு தடவை நகத்தால் சுரண்டிப் பாருங்கள்.

மீனாள், காரைக்குடி
ஐயா சொன்னபடி பார்த்தேன். pay, am=9000, pn இடத்தில் 'ADVANCE RECEIVED' என்று இருக்கிறது! மகனை விட்டு அந்த pa முகவரியை ஆப்பில் தட்டி, பணம் அனுப்பாமல் பெயர் மட்டும் பார்க்கச் சொன்னேன். கம்பெனியும் இல்லை ஒன்றும் இல்லை, யாரோ ஒரு பெண்மணியின் பெயர்.

வயிரவன்
வங்கியில் பதிவான பெயரைத்தான் ஆப் காட்ட வேண்டும் என்பது 2025 ஜூன் கடைசியிலிருந்து விதி. ஆனால் அந்த அம்மாவும் ஏமாந்து கணக்கைக் கொடுத்தவராக இருக்கலாம். சைபர் குற்ற உதவி எண் 1930க்குச் சொல்லுங்கள், அல்லது cybercrime.gov.in இல் படத்தையும் அரட்டையையும் சேர்த்துப் பதியுங்கள்.

கண்ணன், புதுவயல்
5 ரூபாய்க்கெல்லாமா? அவங்களுக்கு லாபம்தானே, 10 வந்ததே.

மீனாள், காரைக்குடி
பதியத்தான் போகிறேன். லைட்டையும் எடுத்துவிடலாமா என்று மகனோடு சண்டை நடக்கிறது, வேண்டாம் என்கிறான். அவர் வேறு 'ஸ்கேன் ஆச்சா மேடம்' என்று அனுப்பிக்கொண்டே இருக்கிறார். பிளாக் செய்தால் அரட்டை அழிந்துவிடுமா?

சொக்கன், தேவகோட்டை
அழியாது ஆச்சி. எதற்கும் முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள், நம்பர் தெரிகிற மாதிரி.