உதவி: விவசாயி அனுப்பிய பாராட்டை கேப்ஷனாக்க வேண்டும், ஓவராகத் தெரியக் கூடாது

பாசிக்கடை_மண்டபம்: அவசரம். கடற்பாசிச் சாறு விற்கிறோம், பயிருக்குத் தெளிப்பது. ஒரு மிளகாய் விவசாயி ரெட்டிப்பு மகசூல் என்று வாட்ஸப்பில் சொல்லியிருக்கிறார். "குண்டு மிளகாய் மகசூல் இருமடங்கு! இலைச்சுருட்டலுக்கு முற்றுப்புள்ளி!" என்று போட்டு அவர் படத்தையும் வைத்தேன். தங்கச்சி பார்த்துவிட்டு, லேகிய விளம்பரம் மாதிரி இருக்கிறது என்கிறாள். எப்படி மாற்றலாம்? சாயங்காலத்துக்குள் போட வேண்டும்.

தொண்டி_கருவாடு: எனக்கும் இதே கதைதான். ஒரு அக்கா "மணலே இல்லை" என்று எழுதியதை நான் "100% சுத்தம்" ஆக்கினேன். அடுத்த பார்சலில் ஒரு பாக்கெட்டில் மணல். படம் எடுத்து என் பக்கத்திலேயே போட்டுவிட்டார்கள்.

கமுதி_வேலு: லிட்டர் என்ன விலை? பருத்திக்கு அடிக்கலாமா?

பழைய_அச்சுக்காரன்: அவர் என்ன சொன்னார் என்பதே இல்லாமல் கேப்ஷனைத் திருத்தச் சொன்னால் எப்படித் தம்பி? இதை இங்கே பத்துத் தடவை சொல்லியாகிவிட்டது. குரல் பதிவா, எழுத்தா? எத்தனை ஏக்கர்? எதோடு ஒப்பிட்டு ரெட்டிப்பு? படம் போடச் சம்மதம் வாங்கினீர்களா?

சாயல்குடி_ராஜா: இவ்வளவு யோசிக்க வேண்டாம் நண்பா. கீழே சின்ன எழுத்தில் "பலன் நபருக்கு நபர் மாறுபடும்" என்று போட்டுவிடுங்கள். எல்லாரும் செய்வதுதான்.

தேவிபட்டினம்_செல்வி: அது பாதிதான் சரி ராஜா. 2022-ல் வந்த தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டுதல்படி, சின்ன எழுத்துக் குறிப்பு மேலே சொன்னதை விளக்கலாம், மறுக்கக் கூடாது. மேலே "இருமடங்கு" என்று கத்திவிட்டுக் கீழே "மாறுபடும்" என்றால் இரண்டும் ஒன்றையொன்று வெட்டுகிறது. கடைக்காரரே, முழுப் பதிவையும் அப்படியே தட்டச்சு செய்து போடுங்கள்.

பாசிக்கடை_மண்டபம்: மன்னிக்கவும். குரல் பதிவு. "போன வருசம் ஆறு மூட்டை, இந்த வருசம் பதினொண்ணு, ரெட்டிப்புனு வச்சுக்கங்களேன். ரெண்டு தடவை அடிச்சேன். நல்லா வடிகட்டியிருக்கீங்க போல, முனை ஒரு தடவைகூட அடைக்கல. சுருட்டலும் கொறஞ்ச மாதிரி தெரியுது. மழையும் இந்தத் தடவ நல்லா பேஞ்சுச்சு." ஒரு ஏக்கர், மானாவாரி. சம்மதம் கேட்கவில்லை.

தேவிபட்டினம்_செல்வி: இப்போது புரிகிறது. ஆறு பதினொன்று ஆனால் இருமடங்கு இல்லை, அவரும் "வச்சுக்கங்களேன்" என்றுதான் சொல்கிறார். நீங்கள் வெட்டிய மழை வாக்கியம்தான் அதில் பெரிய விஷயம். நம் பக்கம் மானாவாரி மிளகாய் ஐப்பசி மழையை நம்பித்தானே நிற்கிறது? சுருட்டலை விட்டுவிடுங்கள். அதற்குக் காரணம் இலைப்பேன், சிலந்திப்பேன், இல்லையென்றால் வெள்ளை ஈ கொண்டுவரும் வைரஸ். பாசிச் சாறு பூச்சிமருந்து இல்லை. "மாதிரி தெரியுது" என்றவர் வாயில் "முற்றுப்புள்ளி" வைத்தது நீங்கள். ஒன்று மட்டும் அவரிடம் கேளுங்கள்: அதற்கு முந்தின வருசம் எத்தனை மூட்டை?

சாயல்குடி_ராஜா: "கொறஞ்ச" என்பதை "குறைந்த" என்று திருத்தலாமா? பேச்சுத் தமிழ் படிக்க அசிங்கமாக இருக்கும்.

பழைய_அச்சுக்காரன்: மேற்கோள் குறிக்குள் கை வைக்காதே.

சாயல்குடி_ராஜா: பத்திரிகையில் பேட்டியைத் திருத்தித்தானே போடுகிறார்கள்?

பழைய_அச்சுக்காரன்: பத்திரிகை பாசிச் சாறு விற்கவில்லை.

தொண்டி_கருவாடு: எழுத்தை மாற்றலாம், அளவை மாற்றக் கூடாது என்பது என் கட்சி. "கொறஞ்ச மாதிரி" என்பது "குறைந்த மாதிரி" ஆனால் பரவாயில்லை, "மாதிரி" போய்விட்டால்தான் தப்பு.

பழைய_அச்சுக்காரன்: இன்று "மாதிரி"யை விடுவாய், நாளைக்கு மழையை விடுவாய்.

பாசிக்கடை_மண்டபம்: கேட்டுவிட்டேன். அதற்கு முந்தின வருசம் பத்து மூட்டையாம். போன வருசம் காய் பிடிக்கிற நேரத்தில் மழை கெடுத்துவிட்டதாம்.

தேவிபட்டினம்_செல்வி: அப்படியென்றால் ஒரு மூட்டைதான் கூடுதல், அதுவும் மழையா சாறா என்று அவருக்கே தெரியாது. பாதி வயலில் அடித்து, பாதியை விட்டு, தனித்தனியாக எடை போட்டிருந்தால் பேசலாம். மகசூலையே தொடாதீர்கள். அவர் கண்ணால் பார்த்தது ஒன்று இருக்கிறதே, முனை அடைக்காதது. தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டு நடு வயலில் நின்று முனையைக் கழற்றி ஊதியவனுக்கு அதன் அருமை தெரியும். இப்படிப் போடுங்கள்:

"ரெண்டு தடவை அடிச்சேன். முனை ஒரு தடவைகூட அடைக்கல."
ஒரு ஏக்கர் மானாவாரி குண்டு மிளகாய் விவசாயி, குரல் பதிவிலிருந்து.

பணமோ இலவச பாட்டிலோ கொடுத்திருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள்.

சாயல்குடி_ராஜா: முனை அடைக்கலை என்று யார் வாங்குவார்கள் அக்கா?

கமுதி_வேலு: நான் வாங்குவேன். போன தடவை வேறொருத்தரிடம் வாங்கியது அடைத்தே உயிரை எடுத்தது. விலை சொல்லவே இல்லையே?

பாசிக்கடை_மண்டபம்: அவரிடம் வாசித்துக் காட்டினேன், படம் வேண்டாம், எழுத்து மட்டும் போடு என்றார். போட்டுவிட்டேன். முதல் பாட்டில் இலவசமாகக் கொடுத்ததுதான், அதையும் எழுதியிருக்கிறேன். வேலு அண்ணே, தனியாக மெசேஜ் பண்ணுகிறேன்.

பழைய_அச்சுக்காரன்: அந்த இலவச விஷயத்தை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.