வீட்டிலிருந்து ஜர்னல் கட்டுரை திறக்க லிங்குக்கு முன்னால் ஒட்டும் அந்த வரி: உங்களுக்கு என்ன நடந்தது?

தாமிரபரணிக்காரி:
அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் வரலாற்றில் ஆய்வு செய்கிறேன். போன மே மாத லீவுக்குப் பாளையங்கோட்டை வந்திருந்தபோதுதான் கைடுக்கு ஓர் அத்தியாயம் அனுப்பவேண்டிய நெருக்கடி. ஜேஸ்டோரில் ஒரு கட்டுரை வேண்டும். அங்கே பல்கலையில் இருக்கும்போது கிளிக் செய்தாலே திறந்துவிடும். வீட்டில் முதல் பக்கத்தை மட்டும் காட்டிவிட்டு மீதிக்குக் காசு கேட்டது. அங்கே லாகினே பண்ணாமல் எப்படித் திறந்துகொண்டிருந்தது என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை.

நூலகத்தின் பக்கத்தில் துழாவியபோது, வெளியிலிருந்து படிப்பவர்களுக்கென்று ஒரு வரி கொடுத்திருந்தார்கள். அதை லிங்குக்கு முன்னால் இடைவெளி விடாமல் ஒட்டவேண்டும். என் பல்கலையின் பெயருக்குப் பதில் example என்று போட்டிருக்கிறேன், கட்டுரை எண்ணும் சும்மா ஒரு எண்தான்:

```
https://ezproxy.example.edu/login?url=https://www.jstor.org/stable/1234567
```

பல்கலையின் லாகின் பக்கம் வந்தது. பாஸ்வேர்டு கொடுத்ததும், ஃபோனுக்கு எஸ்எம்எஸ்ஸில் வரும் எண்ணைக் கேட்டது. என் அமெரிக்க சிம்மோ இங்கே செத்துக் கிடக்கிறது! ஃபோனில் எப்போதோ போட்டுவைத்த ஆப் ஒன்று அதற்குப் பதில் போடக்கூடிய எண்ணைக் கொடுத்ததால் தப்பித்தேன்.

கட்டுரை திறந்தது. ஆனால் மேலே முகவரி `www-jstor-org.ezproxy.example.edu` என்று மாறியிருந்தது. புள்ளி இருந்த இடத்தில் கோடு, பின்னால் வால். பாஸ்வேர்டு திருடும் போலித்தளம் இப்படித்தானே இருக்கும்? பயந்து மூடிவிட்டு, பாஸ்வேர்டையும் மாற்றினேன்.

மறுநாள் தைரியம் வந்து `doi.org` என்று தொடங்கும் இன்னொரு லிங்குக்கு அதே வரியை ஒட்டினால், `config.txt` என்று ஏதோ சொல்லி நிறுத்திவிட்டது. உங்களில் யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

வேகம்வேலு:
இவ்வளவு சுற்றல் எதற்கு? பல்கலையின் விபிஎன்னைப் போட்டுவிட்டு லிங்கை அப்படியே திறந்தால் போதும். நான் இரண்டு வருடமாக அப்படித்தான் படிக்கிறேன். இந்த முன்னொட்டெல்லாம் பழைய காலத்துச் சமாசாரம்.

புத்தக அலமாரி:
நான் ஒரு பல்கலை நூலகத்தில் மின்னிதழ்களைப் பார்த்துக்கொள்கிறேன். அக்கா, நீங்கள் பார்த்தது போலி இல்லை, ஈஸிப்ராக்ஸி என்கிற மென்பொருள். 1999இல் வந்தது, 2008இலிருந்து ஓசிஎல்சி என்கிற நூலகக் கூட்டமைப்பிடம் இருக்கிறது.

பதிப்பகத்துக்கு உங்களை ஆளாகத் தெரியாது. சந்தா கட்டிய பல்கலையின் ஐபி முகவரியிலிருந்து கேட்டால் கதவைத் திறக்கும், அவ்வளவுதான். வீட்டில் உங்கள் ஐபி வேறு. முன்னொட்டு போட்டால் கட்டுரையை உங்கள் நூலகத்தின் சர்வர் கேட்டு வாங்கி உங்களிடம் நீட்டுகிறது. நீங்கள் பேசுவது அந்த சர்வரோடு என்பதால்தான் முகவரியில் அந்த வால். கோடு எதற்கென்றால், அதன் பாதுகாப்புச் சான்றிதழ் `ezproxy.example.edu`வுக்கு முன்னால் ஒரே ஒரு துண்டைத்தான் ஏற்கும். புள்ளிகளை அப்படியே விட்டால் மூன்று துண்டாகி பிரவுசர் எச்சரிக்கை காட்டும். அடுத்த முறை சந்தேகம் வந்தால் முகவரியில் `https://`க்குப் பின் வரும் முதல் சாய்கோட்டுக்கு முந்தைய பகுதி எப்படி முடிகிறது என்று பாருங்கள். `.example.edu` என்று உங்கள் பல்கலையின் பெயரில் முடிந்தால் சரி. நடுவில் எங்கோ பல்கலை பெயர் இருந்து, கடைசியில் வேறு ஏதாவது இருந்தால்தான் ஓடவேண்டும்.

`config.txt` விஷயம்: எந்தெந்தத் தளங்களுக்கு ப்ராக்ஸி போகலாம் என்று நாங்கள் ஒரு பட்டியல் வைத்திருப்போம். ஜேஸ்டோருக்கு இப்படி இருக்கும்:

```
Title JSTOR
URL https://www.jstor.org
Domain jstor.org
```

பட்டியலில் இல்லாத தளத்துக்கு ஒட்டினால் நீங்கள் பார்த்த அந்தச் செய்திதான் வரும். உங்கள் நூலகம் `doi.org`ஐச் சேர்க்கவில்லை போலிருக்கிறது. முன்னொட்டு இல்லாமல் முதலில் அந்த லிங்கைத் திறங்கள். அது பதிப்பகத்தின் பக்கத்தில் கொண்டுபோய் விடும். அங்கே மேலே இருக்கும் முகவரிக்கு முன்னால் ஒட்டுங்கள்.

வேலு சார், உங்கள் பல்கலையின் விபிஎன் எல்லாப் போக்குவரத்தையும் உள்ளே இழுக்கும் வகை. பல இடங்களில் பல்கலையின் சொந்தத் தளங்களுக்கு மட்டும்தான் அது வழிவிடும். ஜேஸ்டோருக்கு வீட்டு ஐபியிலேயே போவீர்கள், காசுதான் கேட்கும். விபிஎன் போட்டுவிட்டு, ‘என் ஐபி என்ன’ என்று காட்டும் தளம் எதையாவது பார்த்தால் தெரிந்துவிடும்.

வேகம்வேலு:
பார்த்தேன், பல்கலை ஐபிதான் காட்டுகிறது. எனக்கு வேலை செய்கிறது, நான் மாறப்போவதில்லை.

முதலாண்டு:
அண்ணா, என் மொபைலில் வைஃபை செட்டிங்கில் ப்ராக்ஸி என்று ஒரு கட்டம் இருக்கிறது. அங்கே இந்த வரியை முழுதாகப் போட்டேன். இப்போது வாட்ஸப்பைத் தவிர எதுவும் திறக்கவில்லை.

புத்தக அலமாரி:
தம்பி, அந்தக் கட்டத்தைக் காலி பண்ணிவிட்டு ‘இல்லை’ என்று மாற்றுங்கள். இது ஃபோனில் எங்கேயும் போடுவதில்லை, கட்டுரை லிங்கோடு ஒட்டுவது மட்டும்தான்.

மைக்காரன்:
எங்கள் ஆய்வகத்தில் நடந்தது. ஆள் நல்லவன், அவசரக்காரன். ஓர் இரவில் ஒரு ஜர்னலின் பழைய இதழ்களை மொத்தமாக இறக்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, ப்ராக்ஸி வழியாக ஓட்டினான். காலையில் பதிப்பகம் கதவைச் சாத்திவிட்டது. யார் இறக்கியது என்று அவர்களுக்குத் தெரியாது, தெரிந்ததெல்லாம் ப்ராக்ஸியின் ஐபிதான். ஆகவே வீட்டிலிருந்து படிக்கும் எல்லோருக்கும் சேர்த்து அடைத்தார்கள். நூலகம் தன் பதிவேட்டைப் பார்த்து ஒரே நாளில் இவனைப் பிடித்துவிட்டது. திறந்துவிட மூன்று நாளானது. அந்த மூன்று நாளும் ஆய்வகத்தில் யாரும் அவனோடு டீ குடிக்கப் போகவில்லை.

ஒட்டுவதற்குச் சோம்பேறித்தனமா? பிரவுசரில் ஒரு புக்மார்க் உருவாக்கி, அதன் முகவரிக் கட்டத்தில் இதைப் போட்டுவிடுங்கள்:

```
javascript:location.href='https://ezproxy.example.edu/login?url='+location.href
```

பதிப்பகப் பக்கத்தில் நின்று அதை அழுத்தினால் முன்னொட்டோடு மறுபடி திறக்கும். இதை நேராக மேலே முகவரிப் பட்டையில் ஒட்டாதீர்கள். குரோம் முதல் வார்த்தையை விழுங்கிவிடும்.

தாமிரபரணிக்காரி:
`doi.org` சரியாகிவிட்டது, அலமாரி சொன்ன வழியில் திறந்தது. நன்றி. புக்மார்க்கும் வேலை செய்கிறது.

ஆனால் ஒரு அசிங்கம் இப்போதுதான் கண்ணில் பட்டது. அத்தியாயத்தின் அடிக்குறிப்புகளில் பதினோரு இடத்தில் கோடு போட்ட ப்ராக்ஸி முகவரியையே ஒட்டி கைடுக்கு அனுப்பியிருக்கிறேன். அவருக்கு எங்கள் பல்கலை லாகின் இருப்பதால் எல்லாம் திறந்திருக்கும், ஒன்றும் சொல்லவில்லை. வேறு ஊரில் இருக்கும் தோழி திறந்தால் எங்கள் பல்கலையின் லாகின் பக்கம் வந்து நிற்கிறது. இப்போது ஒவ்வொன்றாக `doi.org` லிங்காக மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று. முன்னொட்டு போட்டு, லாகினும் ஆகி, ஒரு கட்டுரையில் சுருக்கம் மட்டும் வருகிறது. பிடிஎஃப்பை அழுத்தினால் பழையபடி காசு. இதற்கு என்ன?

புத்தக அலமாரி:
எந்த வருடத்துக் கட்டுரை? சில சந்தாக்களில் கடைசிச் சில வருட இதழ்கள் சேராது. அப்படியென்றால் ப்ராக்ஸி ஒன்றும் செய்யமுடியாது, நூலகத்தில் சொல்லி வேறு நூலகத்திலிருந்து வரவழைக்கவேண்டும். பழைய கட்டுரை என்றால், பிடிஎஃப் வேறொரு சர்வரிலிருந்து வந்து, அது உங்கள் நூலகத்தின் பட்டியலில் இல்லாமல் இருக்கலாம். பிடிஎஃப்பை அழுத்தியதும் முகவரியில் வால் இருக்கிறதா என்று பாருங்கள்.

தாமிரபரணிக்காரி:
2009. வால் இருக்கிறது.

புத்தக அலமாரி:
அப்படியா? அப்போது நான் சொன்ன இரண்டும் இல்லை. அந்தப் பக்கத்தை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்கள் நூலகத்துக்கு அனுப்புங்கள், முகவரி முழுதாகத் தெரியட்டும்.