4000 முறை என்ற எண் வீட்டு இன்வெர்ட்டருக்கு எதை நிரூபிக்கிறது?

செழியன்:
சார்ஜ் ஏற்றிக் காலி செய்வதை ஒரு முறை என்று கொண்டால், ஈய அமில பேட்டரி தாங்குவது 500 முறை, லித்தியம் பேட்டரி 4000 முறை. ஆயுள் எட்டு மடங்கு, விலை ஏறத்தாழ இரண்டரை மடங்கு. இதற்குப் பிறகும் வீட்டு இன்வெர்ட்டருக்கு ஈய பேட்டரி வாங்குகிறவர்களுக்கு வகுத்தல் கணக்கு தெரியாது என்றுதான் பொருள்.

பட்டறை முத்து:
வகுத்தல் எனக்குத் தெரியும், எனவே வகுத்தே காட்டுகிறேன். ஒரு வீட்டில் 15 நாட்களுக்கு ஒருமுறை மின்சாரம் போகிறது, ஆண்டுக்கு 24 முறை பேட்டரி வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் 500 முறை தீர்வதற்கு 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகும், 4000 முறை தீர்வதற்கு 160 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். 20 ஆண்டுகள் உழைத்த இன்வெர்ட்டர் பேட்டரி எதையும் என் பட்டறையில் நான் பார்த்ததில்லை, 160 ஆண்டுகளைப் பற்றிப் பேசவே வேண்டாம். அந்த வீட்டில் இரண்டு பேட்டரிகளும் எண்ணிக்கை தீர்ந்து சாகப்போவதில்லை, வயதாகித்தான் சாகும். சும்மா நிற்கும்போதே ஈய பேட்டரியின் உள்தகட்டுச் சட்டம் அரித்துக்கொண்டிருக்கிறது, ஏனென்றால் நிறைந்த நிலையில் வைத்திருப்பதற்காக இன்வெர்ட்டர் அதற்கு எந்நேரமும் 13.5 முதல் 13.8 வோல்ட் வரை கொடுத்துக்கொண்டே இருக்கிறது. சுற்றியுள்ள வெப்பம் 25 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்கு உயர்ந்தால் இந்த அரிப்பின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. ஆகவே ஒப்பிட வேண்டியது ஈயத்தின் நான்கு முதல் ஆறு ஆண்டுகளை லித்தியத்தின் பத்து ஆண்டுகளோடு. அது இரண்டு மடங்கு, எட்டு மடங்கு அல்ல.

செழியன்:
4000 என்பது நான் கண்டுபிடித்த எண் அல்ல, தயாரிப்பாளர் பெட்டியின் மீதே அச்சிட்டிருக்கிறார். அச்சிட்ட எண்ணை விட்டுவிட்டு உங்கள் பட்டறை அனுபவத்தை நம்ப வேண்டும் என்கிறீர்கள். சூரியத் தகடு பற்றிய விவாதத்திலும் இதையேதான் செய்தீர்கள், அங்கும் எண்ணைக் காட்டியவர்களை அனுபவத்தின் பெயரால் வாயடைத்தீர்கள்.

கதிரவன்:
முத்து ஐயா சொல்வதே சரி, ஆனால் அவரும் ஈய பேட்டரியைக் குறைத்தே மதிப்பிடுகிறார். எங்கள் வீட்டு டியூபுலர் பேட்டரி ஏழு ஆண்டுகளைத் தாண்டி இன்றும் ஓடுகிறது. பராமரிப்பு என்று எல்லோரும் அச்சுறுத்துகிறார்கள், டிஸ்டில்டு வாட்டர் குறையாமல் பார்த்துக்கொள்வதைத் தவிர வேறு எந்தப் பராமரிப்பும் அதற்குத் தேவையில்லை. அளவுக்கோடு கீழே இறங்கியதும் உடனே ஊற்றிவிடுவேன்.

பட்டறை முத்து:
கதிரவன், உங்கள் பேட்டரி நன்றாக இருப்பதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் தண்ணீர் மட்டும் போதும் என்று எழுதாதீர்கள், அதைப் படித்து நான்கு பேர் பேட்டரியைக் கெடுத்துக்கொள்வார்கள். மின்தடை முடிந்த கையோடு, சார்ஜ் இறங்கிய நிலையில் மேல் கோடு வரை ஊற்றினால், சார்ஜ் ஏறும்போது திரவ மட்டம் உயர்ந்து அமிலம் வெளியே வழியும். தகடு வெளியே தெரிந்தால் அது மூழ்கும் அளவுக்கு மட்டும் ஊற்றிவிட்டு, முழு சார்ஜ் ஆன பிறகு மீதியை நிரப்ப வேண்டும். குழாய் நீர் கூடாது, அமிலம் கூடவே கூடாது. இவற்றைவிட முக்கியமானது, ஹைட்ரோமீட்டரை வைத்து ஆறு செல்களின் அமில அடர்த்தியையும் அளந்து பார்ப்பது. முழு சார்ஜில் 1.240 முதல் 1.260 வரை எல்லாச் செல்களும் ஏறத்தாழ ஒரே அளவைக் காட்ட வேண்டும். ஐந்து செல்கள் 1.250 காட்டும்போது ஒன்று மட்டும் 1.200 காட்டினால், அந்த ஒரு செல் மற்ற ஐந்தையும் இழுத்துக்கொண்டு போகப்போகிறது என்று பொருள். தண்ணீர் அளவை மட்டும் பார்ப்பவருக்கு இது ஒருநாளும் தெரியாது, பேட்டரி அரை மணி நேரத்தில் அணையும் நாளில்தான் தெரியும்.

கதிரவன்:
இத்தனை ஆண்டுகளாக நான் ஹைட்ரோமீட்டரைத் தொட்டதே இல்லை, எதுவும் ஆகவில்லை. அளவுக்கு அதிகமாகக் கவனிப்பதும் பட்டறைக்காரர்களின் பழக்கம்தான்.

மல்லிகா:
இங்கே எல்லோரும் எத்தனை முறை என்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் வீட்டில் பழைய இன்வெர்ட்டரை மாற்றாமல் அதிலேயே 12.8 வோல்ட் லித்தியம் பேட்டரியைப் பொருத்தினார்கள். பொருத்திய சில வாரங்களிலிருந்து, மின்சாரம் போகும் நொடியில் சில நாட்களில் வீடு முழுவதும் இருண்டுவிடுகிறது, பேட்டரி இருந்தும் இல்லாதது போல. மின்சாரம் திரும்பி வந்தால் எல்லாம் சரியாகிவிடுகிறது. விற்றவர் பேட்டரியில் குறையே இல்லை என்கிறார். ஆகவே லித்தியத்தை நம்பவே முடியாது என்பதுதான் என் முடிவு.

பட்டறை முத்து:
மல்லிகா அம்மா, விற்றவர் சொன்னதும் உண்மையாக இருக்கலாம், நீங்கள் பட்ட துன்பமும் உண்மை. பழைய இன்வெர்ட்டர்கள் ஈய பேட்டரிக்காகவே செய்யப்பட்டவை. டியூபுலர் என்ற நிலையில் வைத்தால் அவற்றில் பல 14.6 வோல்ட்டைத் தாண்டியும் சார்ஜ் ஏற்றும், சிலவற்றில் இடையிடையே 15 வோல்ட்டுக்கு மேல் போகும் சுற்றும் உண்டு. ஈயத்துக்கு அது நல்லது, அடியில் தங்கும் கனமான அமிலத்தைக் கலக்கிவிடும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் நான்கு செல்கள் தொடராக இருக்கின்றன, அவற்றில் ஏதாவது ஒன்று 3.65 வோல்ட்டை நெருங்கித் தாண்டினால் உள்ளே இருக்கும் காப்புப் பலகை இணைப்பைத் துண்டித்துவிடும். எல்லாப் பலகைகளும் ஒன்றுபோல் இல்லை, சில சார்ஜை மட்டும் நிறுத்தும், சில மொத்தமாகவே விலகிக்கொள்ளும். அப்படி விலகியிருக்கும் நேரத்தில் மின்சாரம் போனால் நீங்கள் சொன்னதுதான் நடக்கும். இன்வெர்ட்டரில் பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால், சார்ஜ் மின்னழுத்தம் 14.2 முதல் 14.4 வரை நிற்கும் நிலையில் வையுங்கள். இருண்டுபோன நேரத்தில் பேட்டரி முனைகளில் மல்ட்டிமீட்டரை வைத்து 12 வோல்ட்டுக்கும் வெகு கீழே காட்டினால், துண்டித்தது காப்புப் பலகை என்பது உறுதியாகிவிடும். அத்தகைய தேர்வு இல்லாத இன்வெர்ட்டர் என்றால் அதையும் மாற்றத்தான் வேண்டும். செழியனின் இரண்டரை மடங்கில் அந்த இன்வெர்ட்டரின் விலை எங்கே இருக்கிறது?

செழியன்:
அது இன்வெர்ட்டரின் குற்றம், பேட்டரியின் குற்றம் அல்ல. தவறான கருவியில் பொருத்திவிட்டு 4000 முறை பொய் என்று சொல்வது எப்படி நியாயமாகும்?

மல்லிகா:
குற்றம் யாருடையது என்று நான் கேட்கவில்லை. இருட்டில் உட்கார்ந்திருப்பது நான்.

பட்டறை முத்து:
4000 பொய் என்று நான் எங்கும் எழுதவில்லை, மேலே போய்ப் படித்துப் பாருங்கள். அந்த எண் உங்கள் வாதத்துக்கு உதவாது என்றுதான் எழுதினேன். உங்களுடைய 500-ம் அரைகுறையான எண்தான். பேட்டரியை ஒவ்வொரு முறையும் 80 விழுக்காடு வரை காலி செய்தால் கிடைக்கும் எண்ணிக்கை அது. 300 வாட் சுமையை இரண்டு மணி நேரம் ஓட்டினால், இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்து ஏறத்தாழ 700 வாட் மணி பேட்டரியிலிருந்து போகும். 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி பேட்டரியின் மொத்தக் கொள்ளளவு 1800 வாட் மணி, அதாவது 40 விழுக்காடு மட்டுமே காலியாகிறது. அந்த ஆழத்தில் நல்ல டியூபுலர் பேட்டரி 1000 முறையைத் தாண்டும். உங்கள் எட்டு மடங்கு அங்கேயே பாதியாகிவிட்டது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது லித்தியத்துக்குச் சாதகமானது. நாளுக்கு இரண்டு முறை இரண்டிரண்டு மணி நேரம் மின்சாரம் போகும் வீட்டில் நானே லித்தியத்தைத்தான் வாங்கச் சொல்வேன். அதற்கும் காரணம் 4000 அல்ல. ஈய பேட்டரி முதல் 80 விழுக்காட்டைச் சற்று விரைவாக வாங்கிக்கொள்ளும், கடைசி 20 விழுக்காட்டுக்கு மணிக்கணக்கில் இழுக்கும், முழுதாக நிறைய 10 மணி நேரத்துக்கும் மேல் ஆகலாம். அது நிறைவதற்குள் அடுத்த மின்தடை வந்துவிடும். அரைகுறையாகவே நிற்கும் பேட்டரியின் தகட்டில் ஈய சல்பேட் படிந்து கெட்டியாகிறது, பிறகு எவ்வளவு சார்ஜ் கொடுத்தாலும் கரையாது. அத்தகைய வீட்டில் அது மூன்று ஆண்டுகளைத் தாண்டினாலே பெரிது. லித்தியத்துக்கு அரைகுறை சார்ஜ் ஒரு துன்பமே இல்லை, தகுந்த சார்ஜர் இருந்தால் இரண்டு மூன்று மணி நேரத்தில் நிறைந்தும் விடும்.

ஈய பேட்டரியின் விலையை 100 என்று வைத்தால், உங்கள் வாய்மொழிப்படி லித்தியம் 250. அன்றாடம் மின்தடை உள்ள வீட்டில் பத்து ஆண்டுகளில் ஈயம் மூன்று அல்லது நான்கு முறை வாங்க வேண்டும், அது 300 முதல் 400 வரை ஆகும். சார்ஜ் செய்யும்போது ஈயத்தில் ஐந்தில் ஒரு பங்கு மின்சாரம் வீணாகிறது, லித்தியத்தில் இருபதில் ஒரு பங்கு. நாளுக்கு 1400 வாட் மணி எடுக்கும் அந்த வீட்டில் இந்த வேறுபாடு மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 100 யூனிட். அங்கே லித்தியம் வெல்கிறது. 15 நாட்களுக்கு ஒருமுறை மின்சாரம் போகும் வீட்டில் ஈயம் இரண்டு முறை வாங்கினால் 200, லித்தியம் 250, அதோடு தேவைப்பட்டால் இன்வெர்ட்டரும். அங்கே வெல்வது ஈயம்.

கதிரவன்:
பழைய ஈய பேட்டரியைத் திருப்பிக் கொடுத்தால் உள்ளே இருக்கும் ஈயத்துக்காக ஒரு தொகை கிடைக்கிறதே, அதை ஏன் கழிக்கவில்லை? மூன்று முறை வாங்கினால் மூன்று முறையும் கிடைக்கும். நீங்கள் லித்தியத்துக்குச் சலுகை காட்டுகிறீர்கள்.

பட்டறை முத்து:
கழித்துக்கொள்ளுங்கள், தடையில்லை. கழித்தாலும் அன்றாட மின்தடை உள்ள வீட்டில் முடிவு மாறாது.

செழியன்:
மாறாது என்பதை நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள், அன்றாட மின்தடை உள்ள வீட்டில் லித்தியம்தான். அதைத்தான் நான் முதல் வரியில் சொன்னேன். 4000 முறை என்பதால்தான் அது அங்கே வெல்கிறது.

பட்டறை முத்து:
நாளுக்கு இரண்டு முறை என்றால் ஆண்டுக்கு 730. 4000 முறையும் ஆறு ஆண்டுகளுக்குள் தீர்ந்துவிட வேண்டுமே, பிறகு ஏன் பத்து ஆண்டுகள் வரும் என்கிறார்கள்? அங்கேயும் ஆழம் 80 விழுக்காட்டைத் தொடுவதில்லை என்பதால். ஈயத்துக்கு நான் சொன்ன அதே நியாயம்தான் லித்தியத்துக்கும். எத்தனை ஆழத்தில், எத்தனை வெப்பத்தில் என்று சொல்லாத எண்ணை வைத்துக்கொண்டு பிறருக்கு வகுத்தல் தெரியாது என்று எழுதினீர்களே, அதைத்தான் நான் கேட்கிறேன்.

செழியன்:
ஆழம், வெப்பம், வயது என்று எத்தனை சொன்னாலும் பெட்டியில் இருப்பது 4000. அதை இதுவரை இங்கே யாரும் மறுக்கவில்லை.

பட்டறை முத்து:
அதே பெட்டிக்குள் உத்தரவாதச் சீட்டும் இருக்கும். அதில் ஆண்டு எழுதியிருக்கிறதா, 4000 முறை எழுதியிருக்கிறதா என்று பார்த்து இங்கே எழுதுங்கள்.

மல்லிகா:
முத்து ஐயா, எங்கள் இன்வெர்ட்டரின் பின்புறம் மூன்று நிலை உள்ள ஒரு சிறிய சுவிட்ச் இருக்கிறது. ஒன்றில் டியூபுலர் என்றும் ஒன்றில் சாதாரண பேட்டரி என்றும் மூன்றாவதில் மூடிய வகை என்றும் இருக்கிறது, லித்தியம் என்று எதிலும் இல்லை. எதில் வைப்பது?

பட்டறை முத்து:
மூடிய வகையில் வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் அதில்தான் மின்னழுத்தம் குறைவாக இருக்கும். வைத்த பிறகு, பேட்டரி நிறையும் நேரத்தில் முனைகளில் அளந்து 14.4-ஐத் தாண்டுகிறதா என்று பாருங்கள். தாண்டினால் அந்த இன்வெர்ட்டரோடு இந்த பேட்டரி ஒத்துப்போகாது.

செழியன்:
மீண்டும் இன்வெர்ட்டரைப் பற்றியே பேசுகிறீர்கள். இந்த இழையின் பொருள் பேட்டரி.