உதவி தேவை: அரிசி ஆலைக் கணக்கில் மொத்த வரிச் செலவு லாபத்தோடு பொருந்தவில்லை

ஆரூர்_பயிற்சியாளர்:
நீடாமங்கலம் பக்கத்து அரிசி ஆலை ஒன்றின், தனியார் கம்பெனி, 2024-25 ஆண்டுக் கணக்கை எங்கள் அலுவலகத்தில் முடித்துக்கொண்டிருக்கிறோம். வரிக்கு முந்தைய லாபம் 20,00,000 ரூபாய், வரி விகிதம் 25.168 சதவீதம். ஆகவே வரிச் செலவு ஏறத்தாழ 5,03,360 வர வேண்டும். நடப்பு வரியையும், கணக்கு லாபமும் வரிக்குரிய லாபமும் வேறுபடுவதால் பின்னாண்டுகளுக்குத் தள்ளிப்போகும் ஒத்திவைத்த வரியையும் சேர்த்தால் எனக்கு 5,76,348 வருகிறது. நாளை காலை ஆடிட்டரிடம் காட்ட வேண்டும். தவறு எங்கே?

மன்னை_மாணவி:
தேய்மானம் எவ்வளவு, கணக்குப்படி எவ்வளவு, வருமான வரிப்படி எவ்வளவு என்று நீங்கள் எழுதவே இல்லையே. அபராதம், பணிக்கொடை போன்றவை உண்டா?

குடந்தை_கணக்கர்:
இறுதித் தேர்வு எழுதப் போகிறவர் இறுதி விடையை மட்டும் போட்டுவிட்டுத் தவறு எங்கே என்று கேட்பது முறையல்ல. வேலைத்தாள் இல்லாமல் யாரும் எதையும் சொல்ல முடியாது. இயந்திரம் எந்த ஆண்டில் வாங்கியது என்பதுகூட இல்லை.

நாகை_குளிர்கிடங்கு:
எங்களுக்கும் இதே குழப்பம் உண்டு. 2018 கஜா புயலில் எங்கள் கிடங்கு சேதமாகி நஷ்டம் வந்தது. அந்த நஷ்டம் இன்னும் முழுதாகக் கழியவில்லை. அதனால் பின்னால் மிச்சமாகும் வரியை இப்போதே வரிச் சொத்தாக எழுதலாமா என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

காவிரிக்கரை:
நாகை நண்பரே, உங்களுடையது வேறு கேள்வி. வருமான வரியைக் கணக்கில் காட்டுவது பற்றிய கணக்கியல் தரநிலை 22-ன்படி, முன்கொண்டு செல்லும் நஷ்டத்துக்கு வரிச் சொத்து எழுத வேண்டுமென்றால், அதை ஈடுகட்டும் லாபம் வரும் என்பது கிட்டத்தட்ட உறுதியாகவும், அதற்கு நம்பத்தக்க ஆதாரம் கையில் உள்ளதாகவும் இருக்க வேண்டும். அடுத்த ஆண்டு நன்றாக இருக்கும் என்ற மதிப்பீடு மட்டும் போதாது. கையெழுத்தான கிடங்கு ஒப்பந்தங்கள் இருந்தால் தனி இழையில் எழுதுங்கள், பார்க்கலாம்.

ஆரூர் தம்பி, மேலே கேட்ட விவரங்களைப் போடுங்கள்.

ஆரூர்_பயிற்சியாளர்:
மன்னிக்கவும். 2023 ஏப்ரலில் 30 லட்சத்துக்கு, அரிசியை நிறம் பார்த்துப் பிரிக்கும் கலர் சார்ட்டர் இயந்திரம் வாங்கினார்கள். கணக்கில் 15 ஆண்டு, நேர்கோட்டு முறை, எச்ச மதிப்பு இல்லை. ஆகவே ஆண்டுக்கு 2,00,000. வரியில் குறைந்துசெல் மதிப்பில் 15 சதவீதம்: முதல் ஆண்டு 4,50,000, இந்த ஆண்டு 3,82,500. பணிக்கொடை ஒதுக்கீடு 3,00,000 இந்த ஆண்டுதான் முதன்முறை, இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. சட்ட மீறலுக்கான அபராதம் 40,000.

வரிக்குரிய லாபம் 21,57,500, நடப்பு வரி 5,43,000. ஆண்டு முடிவில் இயந்திரத்தின் கணக்கு மதிப்பு 26,00,000, வரி மதிப்பு 21,67,500, வேறுபாடு 4,32,500, அதற்கு வரிப் பொறுப்பு 1,08,852. பணிக்கொடைக்கு வரிச் சொத்து 75,504. நிகரம் 33,348-ஐ லாப நட்டக் கணக்கில் செலவாக எழுதினேன்.

காவிரிக்கரை:
இப்போது தெளிவாகிவிட்டது. உங்கள் நடப்பு வரி சரி. எதிர்பார்த்ததைவிட 72,988 அதிகமாக வந்திருக்கிறது. அதில் அபராதத்தின் வரி 10,067-ஐ முதலில் ஒதுக்கிவிடுங்கள், ஏனென்றால் அபராதம் எந்த ஆண்டிலும் வரியில் கழியாது, அதற்கு ஒத்திவைத்த வரியும் கிடையாது. அது வரிச் செலவில் நிற்கத்தான் வேண்டும். மிஞ்சுவது, ஒரு ரூபாய் முழுமையாக்கலை விட்டால், 62,920. அதை 25.168 சதவீதத்தால் வகுத்தால் 2,50,000 கிடைக்கும். அது முதல் ஆண்டுத் தேய்மான வேறுபாடு.

அதாவது, இரண்டு ஆண்டுகளில் சேர்ந்த 1,08,852 முழுவதையும் இந்த ஓர் ஆண்டின் செலவாக எழுதியிருக்கிறீர்கள். இருப்புநிலைக் குறிப்பில் நிற்க வேண்டியது முடிவு இருப்பு. லாப நட்டக் கணக்குக்குப் போக வேண்டியது தொடக்க இருப்புக்கும் முடிவு இருப்புக்கும் இடையிலான மாற்றம் மட்டும்.

தஞ்சை_ராஜா:
இவ்வளவு சுற்ற வேண்டியதில்லை. தரநிலை 22 லாப நட்டக் கணக்கை வைத்துப் பார்க்கும் முறை, இருப்புகளை ஒப்பிடுவது இண்ட் ஏஎஸ் 12-இன் வேலை. இந்த ஆண்டின் தேய்மான வேறுபாடு 1,82,500, அதற்கு வரி 45,932. அதிலிருந்து பணிக்கொடையின் 75,504-ஐக் கழித்தால் 29,572 வரவாகும். மொத்த வரி 5,13,428. முடிந்தது.

குடந்தை_கணக்கர்:
ராஜா சொல்வதுதான் தரநிலையின் மூல வாசகத்துக்கு நெருக்கம். ஆரம்பநிலை மாணவர்களை இருப்புகளில் இழுத்துவிடுவதால்தான் இந்தக் குழப்பமே.

காவிரிக்கரை:
இரண்டு பேருக்கும் மரியாதையோடு மாறுபடுகிறேன். வரி விகிதம் மாறாத வரை இரு வழியும் ஒரே விடையைத் தரும் என்பது உண்மைதான். விகிதம் மாறிய ஆண்டில், பழைய வேறுபாட்டுக்குப் பழைய விகிதத்தில் எழுதி வைத்த பொறுப்பைப் புதிய விகிதத்துக்கு மறுபடி கணக்கிட வேண்டும் என்பதைத் தரநிலை 22-ம் சொல்கிறது. அந்தச் சரிக்கட்டல் ராஜாவின் குறுக்குவழியில் கண்ணுக்கே தெரியாது. ஆகவே தம்பி, நீங்கள் போன ஆண்டின் தணிக்கையான இருப்புநிலைக் குறிப்பில் ஒத்திவைத்த வரிப் பொறுப்பு எவ்வளவு என்று பாருங்கள். 62,920 என்று இருந்தால் ராஜாவின் விடை நிற்கும்.

தஞ்சை_ராஜா:
நடைமுறையில் சிறு கம்பெனிகளுக்கு விகிதம் அடிக்கடி மாறுவதில்லை. விதிவிலக்கை விதியாக்க வேண்டாம்.

ஆரூர்_பயிற்சியாளர்:
போன ஆண்டுக் குறிப்பில் 65,000 என்று இருக்கிறது. குறைந்த வரி விகிதம் தரும் 115பிஏஏ பிரிவை இந்த ஆண்டுதான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

காவிரிக்கரை:
அதுதான் விஷயம். போன ஆண்டு 25 சதவீதமும் 4 சதவீத செஸும் சேர்ந்து 26 சதவீதம், 2,50,000-க்கு 65,000. இந்த ஆண்டு 22 சதவீதத்தோடு சர்சார்ஜும் செஸும் சேர்ந்து 25.168. ஆகவே இயந்திரத்தின் மாற்றம் 1,08,852-லிருந்து 65,000 போக 43,852. அதில் பணிக்கொடையின் 75,504-ஐக் கழித்தால் 31,652 வரவு. மொத்த வரிச் செலவு 5,11,348.

இதைச் சரிபார்க்க: 5,03,360-ஓடு அபராதத்தின் 10,067-ஐக் கூட்டி, விகிதம் குறைந்ததால் பழைய பொறுப்பில் குறைந்த 2,080-ஐக் கழித்தால் 5,11,347. ஆடிட்டரிடம் இந்த மூன்று வரிகளையும் தனித்தனியாகக் காட்டுங்கள். ராஜாவின் 5,13,428-ஐ எழுதினால் முடிவுப் பொறுப்பு 1,10,932 என்று நிற்கும், 4,32,500-க்கு அது பொருந்தாது.

மன்னை_மாணவி:
இயந்திரத்தின் வேறுபாடு எப்போது திரும்பத் தொடங்கும்?

காவிரிக்கரை:
வரித் தேய்மானம் ஆண்டுதோறும் 15 சதவீதம் சுருங்கிக்கொண்டே போகிறது. ஆறாம் ஆண்டில், அதாவது 2028-29-ல், அது 2,00,000-க்குச் சற்றே கீழே இறங்கும். அன்றிலிருந்து வரிக்குரிய லாபம் கணக்கு லாபத்தை மிஞ்சும், எழுதி வைத்த பொறுப்பும் கரையத் தொடங்கும். பணிக்கொடையின் சொத்து தொழிலாளிக்குப் பணம் போகும் ஆண்டில் கரையும்.

ஆரூர் தம்பிக்கு ஒன்று. போன ஆண்டு பழைய முறையில் இருந்தார்கள் என்றால், உற்பத்தி நிறுவனமாகப் புதிய இயந்திரத்துக்கு 20 சதவீதக் கூடுதல் தேய்மானம் கோரினார்களா? கோரியிருந்தால் முதல் ஆண்டு வேறுபாடு 8,50,000, போன ஆண்டுப் பொறுப்பு 2,21,000 ஆகியிருக்க வேண்டும், இந்த ஆண்டின் வரி மதிப்பும் குறைந்திருக்கும். 65,000 என்பது கோரவில்லை என்று காட்டுகிறது, அல்லது போன ஆண்டில் பொறுப்பைக் குறைத்து எழுதிவிட்டார்கள். தாக்கல் செய்த படிவத்தின் தேய்மான அட்டவணையைப் பார்க்காமல் இதைத் தீர்க்க முடியாது.

தஞ்சை_ராஜா:
உரிமை இருந்தும் கோராமல் விட்டிருந்தால், கூடுதல் தேய்மானமும் சாதாரணத் தேய்மானம்போல் கட்டாயமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஆரூர்_பயிற்சியாளர்:
5,11,348 பொருந்துகிறது, நன்றி. போன ஆண்டுப் படிவம் கோப்பில் இல்லை, ஆலையில் கேட்டிருக்கிறேன்.