புதுப்பிப்பு: பைக் பயணத்தில் லென்ஸா, கண்ணாடியா?

"வாரம் ஒருமுறை விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்கு பைக்கில் போகிறேன். பாதி வழியில் கண் உறுத்துகிறது. லென்ஸ் போடலாமா?" என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்.

ஹெல்மெட் வைசரை மூடினால் போதும் என்றார் ஒருவர். மூடித்தான் ஓட்டினேன். ஆனால் தாடைப் பக்கம் அடியிலிருந்து காற்று ஏறி லென்ஸ் காய்ந்தது. முன்னால் போன மணல் லாரியின் தூசும் உள்ளே வந்துவிட்டது. பெட்ரோல் பங்கில் லென்ஸைக் கழற்றி, பாட்டில் தண்ணீரில் அலசி, திரும்பப் போட்டேன். அதுதான் பெரிய தப்பு.

வீட்டில் கழற்றிய பிறகும் வலி நிற்கவில்லை. டியூப்லைட்டைப் பார்க்கவே கூசியது. மறுநாள் காலை டாக்டர் மஞ்சள் சாயம் விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தார். கருவிழியில் மெல்லிய கீறல். தண்ணீரில் உள்ள கிருமி அதன் வழியாகப் போனால் பார்வைக்கே ஆபத்து என்றார். கழற்றியும் உறுத்தல், சிவப்பு, கூச்சம் இருந்தால் அன்றைக்கே வர வேண்டுமாம். அந்த லென்ஸைத் தூக்கிப் போட்டாயிற்று.

இங்கே கண் பரிசோதகராக இருக்கும் அக்கா முதலிலேயே சொன்னார்: தூசு ரோட்டுக்குக் கண்ணாடி, போய்ச் சேர்ந்ததும் லென்ஸ். இப்போது அப்படித்தான் செய்கிறேன். ஆனால் மைனஸ் ஆறு பவர்காரர் ஒருவர் கேட்டது போல, மழையில் கண்ணாடி ஆவி படிந்தால் என்ன செய்வது? வைசரை ஒரு விரல் அளவு திறந்து வைக்கிறேன், முழுசாகச் சரியாகவில்லை.